"இப்போது வலிக்கவில்லை அப்பா": குல்மார்க் பனியில் மகளின் கால் விரல்

காசிமேடு:
குல்மார்க் போய் வந்து ஒரு மாதம் ஆகியும் மகளின் கால் விரல் கண்ணைவிட்டு அகலவில்லை. தங்மார்க்கில் கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்கு எடுத்தோம். உள்ளே, பள்ளிக்குப் போடும் பருத்திக் காலுறை இரண்டு ஜோடி. ஒரு மணி நேரம் பனியில் உருண்டாள். கால் வலிக்கிறது என்றவள், சற்று நேரத்தில் "இப்போது வலிக்கவில்லை அப்பா" என்றாள். நானும் விட்டுவிட்டேன். அறையில் பூட்ஸைக் கழற்றினால் காலுறையைப் பிழியலாம், அவ்வளவு ஈரம். பெருவிரல் மெழுகாக வெளுத்திருந்தது. அழுத்தினேன், அவளுக்குத் தெரியவில்லை. கொதிக்கும் நீரை எடுத்த என்னை விடுதிக்காரர் தடுத்து, வெதுவெதுப்பான நீரில் காலை வைக்கச் சொன்னார். நிறம் திரும்பும்போதுதான் அலறி அழுதாள்.

தண்டையார்பேட்டை:
இரண்டு ஜோடி எப்படிப் போதும்? மூன்று போட்டிருக்க வேண்டும். மரத்துவிட்டால் நன்றாகத் தேய்த்து நெருப்பருகே காட்டினால் சரியாகிவிடும். மணாலியில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

திருவொற்றியூர்:
அண்ணே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நான் இரண்டு குளிர்காலம் லடாக்கில் வேலை பார்த்தவன். மரத்த காலுக்குச் சூடு தெரியாது; நெருப்பருகே தோல் வெந்தாலும் உணர்வு வராது. தேய்த்தால் உறைந்த தசை கிழிபடும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் நீர், 37 முதல் 39 டிகிரி வரை, போதும். ஆனால் திரும்பவும் குளிரில் நடக்க வேண்டியிருந்தால் அப்போது சூடேற்றவே கூடாது. உருகியது மறுபடி உறைந்தால் சேதம் கூடும்.

மூன்று ஜோடியும் தவறு. பூட்ஸுக்குள் விரல் அசைய இடமில்லாவிட்டால் இரத்தம் ஓடாது. நம் ஊரில் வியர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும் பருத்தி, அங்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, பையில் உலர்ந்த மாற்று ஒன்று. குழந்தைகள் வலிக்கிறது என்றால் உடனே உள்ளே கூட்டிப் போங்கள். வலித்த கால் குளிரிலேயே வலிக்காமல் போனால் இன்னும் அவசரம்.

பெரம்பூர்:
கால் இருக்கட்டும், எனக்கு முகம்தான் போயிற்று. குளிரில் வெயில் என்ன செய்யும் என்று களிம்பு பூசவில்லை. பனியில் பட்டுத் திரும்பிய வெயிலில் தாடைக்கு அடியிலும் மூக்குத் துளை ஓரத்திலும் தோல் உரிந்தது. ஆனாலும் முதல் நாள் இரவு பனி பெய்தபோது கேட்ட அமைதி! ரயில் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். புதுப் பனி ஓசையை விழுங்கிவிட, என் மூச்சு மட்டும் கேட்டது. அதற்காக மறுபடியும் போவேன்.

தண்டையார்பேட்டை:
எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே தம்பி.

காசிமேடு:
திருவொற்றியூர் நண்பரே, காலையில் குளிர்ந்த தரையில் கால் வைத்தால் அந்த விரல் மட்டும் இன்னும் குறுகுறுக்கிறது என்கிறாள். தோல் நன்றாகத்தான் தெரிகிறது. இது போய்விடுமா?

திருவொற்றியூர்:
சிலருக்கு இது மாதக்கணக்கில் நீடித்துப் பார்த்திருக்கிறேன். இங்கே கேட்டு முடிவு செய்யாதீர்கள்; இந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.