பிரஷர் 17தான், ஆனாலும் ஃபீல்டில் ஓட்டை

கும்பகோணத்தான்: அப்பாவுக்கு வயது 61. ரெண்டு வருஷமாகக் கண் பிரஷர் 17, 18 என்றே வந்தது. 'நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள். போன மாதம் வேறொரு டாக்டர் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்த்தார். நரம்பின் முகப்பில் குழியின் பங்கு வலது கண்ணில் 0.8, இடதில் 0.5. பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்டில் வலது கண்ணுக்கு மூக்கோரம் மேல்பக்கம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இடது கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் நடுவைப் பார்க்கச் சொன்னேன். முழுசாகத் தெரிகிறது என்கிறார்! கருவிழியின் தடிமன் 490 மைக்ரானாம். அதை ஏன் அளந்தார்கள்?

ராஜி: பிரஷர் 21ஐத் தாண்டினால்தானே கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா? எனக்கு 25, அதனால் சொட்டு மருந்து விடுகிறேன். உங்கள் ரிப்போர்ட் மாறியிருக்கும்.

சேலம் பாட்டி: உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு அதில்தான் பிரஷர் இறங்கியது.

பழைய டெக்னீஷியன்: பாட்டிம்மா, அது ரத்த அழுத்தம். இது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்.

தம்பி, கருவியால் கருவிழியை அழுத்தித்தான் பிரஷரை அளக்கிறோம். சராசரித் தடிமன் 540 மைக்ரான் போல. 490 என்றால் சுலபமாக அமுங்கும், அளவு குறைத்துக் காட்டும். இத்தனை கூட்டிக்கொள் என்று நம்பகமான கணக்கு கிடையாது. நிஜமாகவே நார்மல் பிரஷரிலும் சிலருக்கு நரம்பு நைந்துபோகும்.

நரம்பின் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறது என்று கேளுங்கள். கண்ணின் லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழவைப்பதால், கீழ்விளிம்பு மெலிந்தால் மேல்பக்கப் பார்வை போகும். ரெண்டும் பொருந்தினால் நம்பலாம். பொருந்தாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். முதல் ஃபீல்டு டெஸ்டை நான் நம்பவே மாட்டேன். இமை தொங்கினாலே மேலே கறுப்பாக விழும். இன்னொரு முறை எடுங்கள். அப்பாவுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. காணாமல் போன இடத்தை மூளை நிரப்பிக்கொள்ளும், மற்ற நேரத்தில் இன்னொரு கண் ஈடுகட்டும்.

ராஜி, உங்கள் நரம்பும் ஃபீல்டும் எப்படி? ரெண்டும் சரியாக இருந்தால் அது பிரஷர் மட்டும்தான், கிளாக்கோமா ஆகவில்லை.

ராஜி: ஃபீல்டு எடுத்ததே இல்லை. கேட்கிறேன்.

கும்பகோணத்தான் (ஆறு மாதம் கழித்து): மெலிந்தது கீழ்விளிம்பு. மறு ஃபீல்டிலும் அதே இடத்தில் ஓட்டை. ராத்திரி ஒரு சொட்டு விட்டு 17 இப்போது 12 ஆகியிருக்கிறது. ஃபீல்டு அப்படியே இருக்கிறது, ஆனால் ஸ்கேனில் நரம்பிழைத் தடிமன் 71லிருந்து 68. சொட்டு வேலை செய்யவில்லையோ?

பழைய டெக்னீஷியன்: மூணு மைக்ரான் ஒரே நாளில் ரெண்டு தடவை எடுத்தாலே மாறும். அடுத்த ஸ்கேனிலும் இறங்கினால் பேசலாம். ராத்திரி பிபி மாத்திரை போடுகிறாரா? தூக்கத்தில் பிபி ரொம்ப இறங்கினால் நரம்புக்கு ரத்தம் குறையும் என்று சில டாக்டர்கள் பார்ப்பார்கள், சிலர் ஒப்புக்கொள்வதில்லை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

கும்பகோணத்தான்: போடுகிறார். ராத்திரிதான்.