பெயர் டேட்டா சயின்டிஸ்ட், வேலை டேஷ்போர்டு: நேர்காணலிலேயே எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வெண்பலகை
விளம்பரத்தில் டீப் லேர்னிங், டென்சார்ஃப்ளோ எல்லாம் இருந்தன. சேர்ந்த பிறகு திங்கள்தோறும் எஸ்க்யூஎல் ஓட்டி, பவர் பிஐ அறிக்கையைப் புதுப்பித்து, மேலாளர் கேட்கும் நிறத்துக்கு வரைபடத்தை மாற்றுவதுதான் வேலை. ‘கணிப்பு’ என்று அவர்கள் சொன்னது, அதே பவர் பிஐ தானாகவே போட்டுத் தரும் ஃபோர்காஸ்ட் கோடு. இப்போது வேறு வேலை தேடுகிறேன். உள்ளே போகும் முன்பே தெரிந்துகொள்ள நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஒற்றைப்புள்ளி
ரொம்ப எளிது. வீட்டில் செய்யச் சொல்லித் தரும் தேர்வைப் பாருங்கள். முழுக்க எஸ்க்யூஎல் என்றால் ஓடிவிடுங்கள். பைதான், கிட், டாக்கர் என்று பேசினால் உண்மையான எம்எல் வேலை. எனக்கு இரண்டு முறையும் இது சரியாகவே இருந்தது.

பழைய மாடல்
பாதிதான் சரி. எம்எல் குழுவிலும் பயிற்சித் தரவைத் தயார் செய்வதிலேயே பெரும்பொழுது போகும், அது பெரும்பாலும் எஸ்க்யூஎல்தான். டாக்கருக்குள் ஓடும் டேஷ்போர்டையும் பார்த்திருக்கிறேன்.

நான் கருவியைப் பற்றிக் கேட்பதில்லை. “கடைசியாக நீங்கள் வெளியிட்ட மாடல் ஒரு எண்ணைத் தருகிறது. அந்த எண் அப்புறம் எங்கே போகிறது?” என்று கேட்பேன். ஒரு சந்தா நிறுவனத்தில், யார் விலகப்போகிறார் என்று கணிக்கும் சர்ன் மாடலைக் காட்டினார்கள். மதிப்பெண் டேஷ்போர்டில் ஒரு பத்தியாக உட்காருமாம், துறைத் தலைவர் மாதம் ஒருமுறை பார்ப்பாராம். நாளைக்கு அது வராவிட்டால்? “யாராவது மெயில் போடுவார்கள்.”

சரி, ஒருவர் விலகிவிட்டார் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்றேன். 60 நாள் உள்ளே வராதவர். அப்படியானால் இன்றைய கணிப்பு சரியா என்பது 60 நாள் கழித்துத்தான் தெரியும். இரண்டு மாதம் முந்தைய மதிப்பெண்களை எடுத்து, நடந்ததோடு ஒப்பிட்டீர்களா? பதில் இல்லை. மாதாமாதம் பழைய மதிப்பெண்ணின் மேலேயே புதியதை எழுதிவிடுகிறார்களாம்! கணிப்பின் தரத்தைக் காட்டும் ஏயூசி கிட்டத்தட்ட 1 என்று பெருமையாகச் சொன்னார்கள். உள்ளீடுகளில் ஒன்று ‘கடைசி வருகைக்குப் பிறகு கழிந்த நாட்கள்’. அதையும் அந்த 60 நாள் முடிந்த பிறகே கணக்கிட்டிருந்தார்கள். கேள்விக்குள்ளேயே விடையை எழுதி வைத்தால் யார்தான் தேறமாட்டார்கள்?

இன்னொரு இடத்தில் மோசடிப் பரிவர்த்தனையைத் தடுக்கும் குழு. மதிப்பெண் நேராகப் பணம் செலுத்தும் சேவைக்குப் போகும், 100 மில்லிசெகண்டுக்குள் வராவிட்டால் பழைய விதிகளே முடிவெடுக்கும். எது மோசடி என்பது வாரங்கள் கழித்து, அட்டைக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்டு சார்ஜ்பேக் வரும்போதுதான் உறுதியாகும், அதுவரை எதை நம்புவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. ஓர் உள்ளீடு திடீரென்று காலியாக வந்து, முந்தைய பதிப்புக்குத் திரும்பிய கதையையும் நான் கேட்காமலேயே சொன்னார்கள். மாடலை உண்மையில் ஓட்டுபவர்களிடம் இப்படி அடிபட்ட கதை ஒன்றாவது இருக்கும்.

நீலத்தாள்
நான் சில ஆண்டுகளாக பவர் பிஐயில்தான் இருக்கிறேன். எம்எல் பக்கம் போக எந்தப் படிப்பு நல்லது?

வெண்பலகை
நண்பரே, இங்கே பேச்சு வேலையை அடையாளம் காண்பது பற்றி. படிப்பைத் தனியாகக் கேளுங்கள்.

சோதனைக்குழு
பழைய மாடல் அவர்களின் கேள்வி நல்லதுதான், ஆனால் அதில் சில நல்ல வேலைகளும் அடிபட்டுப் போகும். பதவிப் பெயரை வைத்தும் முடிவுகட்ட முடியாது: 2018இல் லிஃப்ட் என்ற வாடகைக் கார் செயலி நிறுவனம் தன் டேட்டா அனலிஸ்டுகளின் பதவியை டேட்டா சயின்டிஸ்ட் என்றும், டேட்டா சயின்டிஸ்டுகளின் பதவியை ரிசர்ச் சயின்டிஸ்ட் என்றும் வெளிப்படையாகவே மாற்றியது. என் பதவியும் டேட்டா சயின்டிஸ்ட்தான். ஏ/பி சோதனை வடிவமைக்கிறேன், எத்தனை பேரை எத்தனை நாள் சோதிக்க வேண்டும் என்று கணக்கிடுகிறேன். மாடல் எதையும் வெளியிட்டதில்லை, டேஷ்போர்டு போட்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை.

இன்னொன்று. மாதம் ஒருமுறை வரும் மதிப்பெண் என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. மதிப்பெண் பட்டியலில் மேலே இருக்கும் சிலருக்குச் சலுகை கொடுத்து, அதே மதிப்பெண் உள்ள வேறு சிலருக்கு வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டு ஒப்பிட்டால் அது உருப்படியான வேலை.

பழைய மாடல்
அந்த ஒப்பீட்டுக் குழு இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். அங்கே இல்லை.

வெண்பலகை
நாளை எனக்கு ஒரு நேர்காணல். “இன்னும் மாடல் எதுவும் இல்லை, நீங்கள்தான் முதல் ஆள்” என்கிறார்கள். எண் எங்கே போகிறது என்று கேட்கவே வழியில்லையே?

பழைய மாடல்
அந்த மாடலைக் கேட்டது யார், அது வந்தால் எந்த வேலையை வேறுமாதிரி செய்வார் என்று கேளுங்கள். அவரையே பார்த்துப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். பழைய நிகழ்வுகள் நேரத்தோடு பதிவாகியிருக்கின்றனவா, அல்லது கடைசி நிலை மட்டும்தான் இருக்கிறதா? கடைசி நிலை மட்டும் என்றால், முதல் ஓராண்டு தரவு வந்து சேரக் குழாய் போடுவதுதான் உங்கள் வேலை.

ஒற்றைப்புள்ளி
அப்படி முதல் ஆளாகப் போன என் நண்பர் இன்னமும் அறிக்கைதான் தயாரிக்கிறார். நான் என்றால் போகமாட்டேன்.

சோதனைக்குழு
நான் போவேன். ஆனால் அறிக்கை வேலையை யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். அதற்குத் தனி ஆள் இல்லையென்றால் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.