விற்ற கோல் தெரிவு முடிவுத் திகதிக்கு முன்பே பங்குக் கடனாக மாறி, பங்கிலாபமும் கேட்கப்படுவது ஏன்?

பரந்தன் வாணி (இரவு 7.25)

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவின் அமெரிக்கப் பங்குக் கணக்கை நான் இங்கிருந்து கவனித்து வருகிறேன். அவர் விற்று வைத்திருந்த கோல் தெரிவு இன்று கணக்கில் இல்லை. அதற்குப் பதிலாக 100 பங்குகள் கடனில் நிற்கின்றன. பங்கிலாபமாக 80 டொலர் கழிக்கப்படும் என்ற குறிப்பும் வந்திருக்கிறது. முடிவுத் திகதிக்கு இன்னும் பத்து நாட்கள் உள்ளன. இது தரகரின் தவறா? அங்கே சந்தை நம் நேரம் 7 மணிக்குத் திறந்துவிட்டது, அண்ணா வேலையில் இருக்கிறார். தயவுசெய்து விரைவாகப் பதில் தாருங்கள்.

வவுனியா நகுலன் (7.31)

ஸ்ட்ரைக் விலை என்ன, பங்கின் விலை என்ன, அந்தக் கோல் தனியாக விற்கப்பட்டதா என்பவற்றை எழுதாமல் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் படித்த அளவில், கோல் வைத்திருப்பவர் முடிவுத் திகதி அன்றுதான் தமது உரிமையைப் பயன்படுத்த முடியும். பத்து நாட்கள் முன்னதாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் அது தவறுதான். உடனே தரகருக்கு முறைப்பாடு எழுதுங்கள்.

புதுக்குடியிருப்பு ரவி (7.34)

இன்று பங்கிலாபம் நீங்கிய திகதியாக, அதாவது எக்ஸ் திகதியாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட நாளில் பங்கு விலை பங்கிலாபத்தின் அளவுக்கு இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே முதல் நாளே ஒரு புட் வாங்கி வைத்திருந்தால் அந்த 80 டொலரை அதிலேயே எடுத்திருக்கலாம். இதை நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

மாங்குளம் செல்லத்துரை (7.40)

எனக்கும் இதே அநியாயம் நடந்தது, மகள். கொழும்பில் ஒரு வங்கிப் பங்கை எக்ஸ் திகதி அன்று காலையில் வாங்கினேன். பங்கிலாபம் எனக்கு வரவில்லை, பழைய உரிமையாளருக்கே போனது. தரகரிடம் கேட்டதற்கு, ஒரு நாள் முன்னதாக வாங்கியிருக்க வேண்டும் என்றார். உங்கள் அண்ணா பங்கை எப்போது வாங்கினார் என்று முதலில் பாருங்கள்.

வன்னிமைந்தன் (7.46)

இந்தக் கேள்வி இங்கே பல முறை விவாதிக்கப்பட்டு முடிந்தது. ஒப்பந்த விதிகளை ஒரு முறையாவது வாசிக்காதவர்கள் கோல் விற்கத் துணிவதும், பிறகு தரகரைக் குறை சொல்வதும் வருந்தத்தக்கது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்தால் உதவுவோருக்கும் வேலை குறையும்.

பரந்தன் வாணி (7.52)

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். செல்லத்துரை ஐயா, அண்ணா பங்கை வாங்கவில்லை, கோலைத்தான் விற்றார். நேற்றுப் பங்கு 50 டொலரில் முடிந்தது. விற்ற கோலின் ஸ்ட்ரைக் 45. பாதுகாப்புக்காக 50 ஸ்ட்ரைக் கோல் ஒன்றை வாங்கியும் வைத்திருக்கிறார். பங்கிலாபம் பங்கொன்றுக்கு 80 சதம், இன்றுதான் எக்ஸ் திகதி. நட்டம் 500 டொலருக்கு மேல் போகாது என்று அண்ணா சொல்லியிருந்தார். நேற்று இரவு 45 கோலுக்கு 4.90 முதல் 5.15 வரையும், 45 புட்டுக்கு 5 சதம் முதல் 20 சதம் வரையும் விலை கேட்கப்பட்டது.

நெடுங்கேணித் தவம் (8.20)

தங்கச்சி, இது தரகரின் தவறு அல்ல. அமெரிக்காவில் தனிப் பங்குகளின் மேல் எழுதப்படும் தெரிவுகளை வைத்திருப்பவர் முடிவுத் திகதி வரை எந்த வர்த்தக நாளிலும் பயன்படுத்தலாம். நகுலன் சொன்னது இந்தியச் சந்தைக்குப் பொருந்தும். அங்கே 2011 முதல் தனிப் பங்குத் தெரிவுகளும் முடிவுத் திகதியில் மட்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிவிட்டன.

நேற்று அந்தக் கோலை வைத்திருந்தவரின் இடத்தில் நின்று பாருங்கள். கோல் வைத்திருப்பவருக்குப் பங்கிலாபம் கிடைக்காது. பங்கு வைத்திருப்பவருக்கே கிடைக்கும். ஆகவே அவர் நேற்றே 45 டொலரைக் கொடுத்துப் பங்கை எடுத்துக்கொண்டால் 80 சதம் அவருக்கு வரும். அதற்காக அவர் இழப்பவை இரண்டுதான். ஒன்று, 45 டொலரைப் பத்து நாட்கள் முன்னதாகக் கொடுப்பதால் போகும் வட்டி, ஆண்டுக்கு 4.5 வீதம் என்று வைத்தால் அது ஏறத்தாழ 6 சதம். மற்றது, பங்கு 45க்குக் கீழே விழுந்தால் கோல் அவருக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பின் விலையைத் தேடி அலைய வேண்டியதில்லை, அதே ஸ்ட்ரைக்கின் புட் விலைதான் அது. உங்கள் எண்களில் நடுவிலை 12 சதம். இரண்டையும் கூட்டினால் 18 சதம். 80 சதத்தைப் பெற 18 சதத்தை விடுவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. புட்டின் உயர் விலையான 20 சதத்தை எடுத்தாலும் முடிவு மாறாது.

பயன்படுத்தாமல் விட்டிருந்தால் இன்று அந்தக் கோல் ஏறத்தாழ 4.38 டொலர்தான் பெறும். நேற்று 5 டொலர் பெற்றதைத் தெரிந்தே 62 சதம் குறைய விடுவதாகும். மறதியாலோ அறியாமையாலோ சிலர் அப்படி விடுவதுண்டு. அப்போது அந்த இலாபம் விற்றவருக்குப் போகும். உங்கள் அண்ணாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பயன்படுத்தியவர்களுக்கு எதிராக எந்த விற்பனையாளர் நிற்பது என்பது தெரிவுத் தீர்வகத்தின் குலுக்கல் முறையிலும், பிறகு தரகரின் ஒதுக்கீட்டிலும் தீர்மானமாகிறது. அறிவித்தல் மறுநாள் காலையில்தான் தெரிய வரும்.

வவுனியா நகுலன் (8.31)

ஏற்றுக்கொள்கிறேன், நான் இந்திய விதியை அமெரிக்கப் பங்குக்குப் பொருத்திவிட்டேன். அப்படியானால் இன்னொன்று புரிகிறது. முன்கூட்டியே பயன்படுத்த முடியாத இடத்தில் இதே கோல் எக்ஸ் திகதிக்கு முன்பே 4.38 என்ற விலையில்தான் நிற்கும் அல்லவா? பங்கு 50, ஸ்ட்ரைக் 45, கோல் 4.38 என்பதைப் பார்த்து மலிவு என்று நான் ஒரு முறை வாங்கி ஏமாந்திருக்கிறேன். சரி, இப்போது அவர்கள் வைத்திருக்கும் 50 கோலைப் பயன்படுத்திப் பங்கை எடுத்துக் கடனை அடைத்தால் 80 டொலரும் நீங்கிவிடுமா?

நெடுங்கேணித் தவம் (8.44)

நீங்காது, தம்பி. 80 டொலர் யாருக்குரியது என்பது நேற்றைய சந்தை முடிவோடு தீர்ந்துவிட்டது. 2024 மே 28 முதல் அமெரிக்காவில் கொடுக்கல் வாங்கல் ஒரு வர்த்தக நாளில் தீர்க்கப்படுவதால், பெரும்பாலும் எக்ஸ் திகதியும் பதிவுத் திகதியும் ஒரே நாளில் விழுகின்றன. பதிவுத் திகதிக்கு ஒரு நாள் முன்னதே எக்ஸ் திகதி என்று பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இதில் ஒரு நாள் தவறிவிடுகிறார்கள்.

அதோடு, பங்கு இப்போது 50க்குக் கீழே இருந்தால், 50 டொலர் கொடுத்து எடுப்பது வீண் செலவு. சந்தையில் பங்கை வாங்கிக் கடனை அடைத்துவிட்டு, மீதமுள்ள 50 கோலை அதன் விலைக்கு விற்பதே சரி. நேற்று அந்த 50 கோலையும் முன்கூட்டியே பயன்படுத்தியிருக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். 50 புட்டின் விலையைப் பாருங்கள். அது 80 சதத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியிருந்தால் 80 சதத்துக்காக அதைவிடப் பெரிய பாதுகாப்பை எறிவதாகிவிடும். ஒரே பங்கு, ஒரே பங்கிலாபம், ஆனால் ஸ்ட்ரைக் மாறினால் விடையும் மாறுகிறது.

புதுக்குடியிருப்பு ரவி (8.50)

புட் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பங்கு இன்று இறங்கினால் புட் ஏறத்தானே வேண்டும்?

நெடுங்கேணித் தவம் (9.05)

அந்த இறக்கம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே புட்டின் விலைக்குள் இருக்கிறது, ரவி. புட் விற்பவருக்கும் எக்ஸ் திகதி தெரியும்; ஆகவே பங்கு 50இல் நிற்கும்போதே, 49.20இல் நிற்பதைப் போல எண்ணித்தான் அவர் விலை கேட்பார். எக்ஸ் திகதி காலையில் பங்கு 80 சதம் இறங்கினாலும், மற்றவை மாறாதபோது புட் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும். எதிர்பார்ப்பு மாறும் நாளில்தான் விலை அசையும். 80 சதம் வரும் என்று எல்லோரும் எண்ணியிருக்க நிறுவனம் 1.10 டொலர் அறிவித்தால் புட்டுகள் அப்போதே ஏறும், கோல்கள் அப்போதே இறங்கும். எக்ஸ் திகதி முடிவுத் திகதிக்கு அப்பால் தள்ளிப்போனால், அந்த மாதக் கோல்கள் பங்கிலாபச் சுமை நீங்கி ஏறும், புட்டுகள் இறங்கும். அதனால்தான் தொகையை மட்டும் அல்லாமல், எக்ஸ் திகதி நம் முடிவுத் திகதிக்கு முன்னா பின்னா என்பதையும் நிறுவனத்தின் அறிவித்தலிலேயே பார்க்கச் சொல்கிறேன். தரகரின் திரையில் சில வேளைகளில் சென்ற காலாண்டின் தொகையே மதிப்பீடாக நிற்கும்.

வன்னிமைந்தன் (9.12)

பங்கு எப்போதும் பங்கிலாபத்தின் முழு அளவுக்கு இறங்கும் என்பது தவறு. வரி காரணமாக முழுத் தொகைக்கும் யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. ஆகவே இறக்கம் குறைவாகவே இருக்கும். இதைத் தெரியாமல் 4.38 என்று சதம் வரை கணக்கிடுவது பொருளற்றது.

நெடுங்கேணித் தவம் (9.25)

வரியின் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் ஒரு தனி நாளில் பங்கு 80 சதத்துக்குப் பதில் 60 சதம் இறங்கினால், அது வரியா அன்றைய சந்தையின் அசைவா என்று அந்த ஒரு நாளை வைத்துப் பிரிக்க முடியாது. இறக்கம் 60 சதம் என்றே வைத்துக்கொண்டாலும் 18 சதத்தோடு ஒப்பிடும்போது நேற்றைய முடிவு மாறாது. விளிம்பில் நிற்கும் ஸ்ட்ரைக்குகளுக்குத்தான் உங்கள் வாதம் முக்கியமாகிறது.

வன்னிமைந்தன் (9.31)

விளிம்பில் நிற்பவையே பணம் இழக்க வைக்கின்றன. எக்ஸ் திகதிக்கு இரண்டு நாட்கள் முன்னதாக விற்ற கோல் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்பதே என் முடிவு.

நெடுங்கேணித் தவம் (9.48)

அதை நான் விதியாக ஏற்கமாட்டேன். வாணி தந்த விலையில் மூடுவதென்றால் 5.15 கொடுக்க வேண்டியிருந்திருக்கும்; அது 515 டொலர். மூடாமல் விட்டதால் 45க்குப் பங்கை விற்ற கணக்காகிறது, இன்று 49.20இல் திரும்ப வாங்கினால் 420, அதனோடு பங்கிலாபம் 80, மொத்தம் 500. தங்கச்சி, 80 டொலர் மேலதிகமாகப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம், அதே அளவுக்குப் பங்கும் மலிவாகிறது. ஆனால் 500க்கு மேல் போகாது என்று அண்ணா சொன்னது இந்த நிலையில் சரியில்லை. கடனை அடைக்கும் முன் பங்கு 50க்கு மேல் ஏறினால், 50 கோல் 500இல் நிறுத்தும்; பங்கிலாபம் 80 அதற்கு வெளியே நிற்கும். 45 கோலை விற்று 50 கோலை வாங்கியபோது அவருக்கு மிஞ்சிய தொகையை இவற்றிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

மாங்குளம் செல்லத்துரை (9.55)

அப்படியானால் கொழும்பில் எனக்கும் பங்கு மலிவாகத்தான் கிடைத்திருக்கிறது போலும். அன்றைய விலைச் சீட்டைத் தேடிப் பார்க்கிறேன்.

பரந்தன் வாணி (11.10)

மின்சாரம் போய் வந்தது, தாமதத்துக்கு மன்னிக்கவும். அண்ணா இடைவேளையில் பேசினார். 49.30இல் 100 பங்குகளை வாங்கிக் கடனை அடைத்துவிட்டோம், 50 கோலையும் விற்றுவிட்டோம். தவம் அண்ணாவின் கணக்கில் 500 வந்த இடத்தில் எங்களுக்கு 510 வந்திருக்கிறது. 50 புட் நேற்று 1.60இல் நின்றதாகத் திரையில் இருக்கிறது. மிக்க நன்றி.

வவுனியா நகுலன் (11.22)

நிறுவனம் வழக்கமான காலாண்டுத் தொகைக்குப் புறம்பாக ஒரு பெரிய சிறப்புப் பங்கிலாபம் அறிவித்தால் ஸ்ட்ரைக் விலையையே குறைத்துத் திருத்துவார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படித் திருத்தப்பட்டால் முன்கூட்டியே பயன்படுத்தும் காரணமே இல்லாமற் போகிறதா, தவம் அண்ணா?