பென்னாகரம் ரோடு 2ஆவது தெரு குழு: காய்ச்சின தண்ணி குடிச்சும் காமாலையா?

கவிதா: பெரியவனுக்கு மஞ்சள் காமாலை. ரத்த டெஸ்ட்ல ஹெபடைடிஸ் 'ஏ'ன்னு வந்திருக்கு. நாங்க எப்பவும் காய்ச்சின தண்ணிதான் குடிக்கிறோம். எங்க தப்பு நடந்திருக்கும்? சின்னவளுக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

பிரகாஷ்: எங்க கொல்லையில கீழாநெல்லி நிறைய இருக்குங்க. பறிச்சுட்டு வரவா?

கவிதா: டாக்டர் பாத்துட்டு இருக்காருண்ணா. எப்படி வந்துச்சுன்னுதான் கேக்கறேன்.

சரோஜா அம்மா: கொதி வந்ததும் இறக்கியிருப்பம்மா. 20 நிமிஷம் கொதிக்கணும். அப்பதான் கிருமியும் சாகும், போர் தண்ணியில இருக்கற ஃபுளோரைடும் போகும்.

முருகேசன் (சுகாதார ஆய்வாளர், ஓய்வு): சரோஜாம்மா, கிருமி சாகும்னு சொன்னது சரி. ஆனா 20 நிமிஷம் தேவையில்லை. தளதளன்னு கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம் போதும், டைபாய்டு கிருமியும் இந்த வைரஸும் அதுலயே செத்துடும். அதுக்கு மேல எரிக்கறது கேஸுக்குத்தான் நஷ்டம். ஃபுளோரைடு கொதிச்சாப் போகாது. தண்ணி ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே தங்கும். அதனால அதிக நேரம் காய்ச்சினா கொஞ்சம் கூடத்தான் செய்யும். குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் ஒகேனக்கல் தண்ணியையே காய்ச்சுங்க, போர் தண்ணி வேண்டாம்.

முருகேசன்: கவிதா, காய்ச்சினப்புறம் தண்ணி எங்க போகுது? ஒண்ணு விடாம சொல்லு.

கவிதா: எவர்சில்வர் அண்டாவுல ஊத்தி, ஆறற வரைக்கும் தட்டு போட்டு மூடி வைப்பேன் சார். பக்கத்துல சொம்பு இருக்கும், எல்லாரும் மொண்டு குடிப்பாங்க. அவசரத்துக்கு சூடா இருந்தா கொஞ்சம் குழாய்த் தண்ணி விளாவிக் கொடுப்பேன்.

முருகேசன்: ரெண்டு இடத்துல ஓட்டை இருக்கும்மா. விளாவினா நீ காய்ச்சினதே வீண். அரை டம்ளர் பச்சைத்தண்ணி கலந்தாலும் அதுல இருக்கற கிருமி உயிரோடதான் இருக்கும், வெதுவெதுப்பு அதைக் கொல்லாது. ரெண்டாவது ஓட்டை, அந்தச் சொம்பு. மொள்ளும்போது விரல் தண்ணியில படுதா இல்லையா? குழாய்ல வர்ற தண்ணியில கொஞ்சம் குளோரின் இருக்கும், காய்ச்சும்போது அது போயிடும். அதுக்கப்புறம் ஒரு அழுக்கு விரல் பட்டாலும் தடுக்க அந்தத் தண்ணியில எதுவும் இல்லை. காய்ச்சின தண்ணியை நாம பச்சைத்தண்ணியை விடப் பத்திரமாப் பாத்துக்கணும்.

பிரகாஷ்: அப்ப கேன் தண்ணிதான் நல்லதுங்களா? எங்க வீட்ல கேன்தான்.

முருகேசன்: கேனை டிஸ்பென்சர் மேல கவுக்கும்போது வாய்ப்பக்கத்தை எந்தக் கையால பிடிக்கறீங்கன்னு பாருங்க தம்பி. உள்ளே இருக்கற தொட்டியையும் கழுவணும். கதை ஒண்ணேதான்.

சரோஜா அம்மா: அதுக்குத்தான் நான் சானிடைசர் வச்சிருக்கேன்.

முருகேசன்: இந்த வைரஸ்கிட்ட சானிடைசரை நம்ப முடியாதும்மா. சோப்பு போட்டுத் தேய்க்கணும், ஓடற தண்ணியில அலசணும். உள்ளங்கை மட்டும் இல்லை. விரல் இடுக்கு, கட்டைவிரல், நக ஓரம் எல்லாம் சேத்து 20 வினாடி. நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. கழிவறை போய் வந்ததும், குழந்தைக்குக் கால் கழுவி விட்டதும், சமைக்கறதுக்கும் சாப்பிடறதுக்கும் முன்னாடியும் கட்டாயம். பக்கெட்ல கையை முக்கி எடுக்கறது கழுவறது ஆகாது.

கவிதா: அப்ப எங்க அண்டாவுலதான் தொத்திச்சா சார்?

முருகேசன்: அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. கிருமி உள்ள போய் 15 நாள்லயிருந்து 50 நாளுக்குள்ள எப்ப வேணாலும் காட்டும். போன மாசம் அவன் பள்ளிக்கூடத்துல குடிச்சதா, ரோட்டோரத்துல ஐஸ் போட்டுக் குடிச்ச ஜூஸா, யாருக்குத் தெரியும். ஆனா இப்ப முக்கியம் சின்னவ. கண்ணு மஞ்சளாகறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவன் மலத்துல வைரஸ் வெளிய வந்துட்டு இருந்திருக்கும். அவளை நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டி, தடுப்பூசி போடலாமான்னு கேளு. தொத்து பட்டு ரெண்டு வாரத்துக்குள்ள போட்டாத்தான் பலன், தள்ளிப் போடாதே. பெரியவன் தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனியா இருக்கட்டும். கழிவறைக் கதவுத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, மக்கு கைப்பிடி இதையெல்லாம் பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடை.

கவிதா: சரிங்க சார். அண்டாவுக்கு என்ன பண்ணட்டும்?

முருகேசன்: அடியில குழாய் வச்ச, மூடி போட்ட பாத்திரமா வாங்கிக்கோ, கை உள்ள போகவே வேண்டாம். அது வர்ற வரைக்கும் காய்ச்சின பாத்திரத்துலயே மூடியோட ஆற விடு. மொள்ள நீளக் காம்பு கரண்டி வச்சு, அதைத் தரையில வைக்காம ஆணியில மாட்டு. ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சு. மறுநாள் மிஞ்சினதைக் கொட்டிட்டு, பாத்திரத்தைச் சோப்பு போட்டுக் கழுவி கவுத்து வை. உள்பக்கம் துணியால துடைக்காதே, அந்தத் துணியே அழுக்கு.

சரோஜா அம்மா: எங்க மண்பானையிலயும் குழாய் இருக்கு, ஆனா வாசம் வருதே?

முருகேசன்: குழாயைக் கழட்டி உள்ளே விரலை விட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்கும். வாரம் ஒருக்கா கழட்டி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, கொதிக்கற தண்ணியை ஊத்தி எடுங்க. ரப்பர் வாஷர் உப்பி இருந்தா மாத்திடுங்க.