புதுப்பிப்பு: ஹெல்மெட்டைப் பிடித்துத் தொங்கி, படிக்கட்டைக் கோட்டைவிட்டேன்

தேர்வில் வந்த ஒரு கேள்விக்கு நான் எழுதிய பதிலைப் பற்றி அன்று இங்கே கேட்டது இது: "வேன் மோதி பைக் ஓட்டியவருக்குக் கால் உடைகிறது, ஹெல்மெட் இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்தக் கால் திடீரென மடங்க, படியில் விழுந்து கணுக்காலும் போகிறது. இங்கிலாந்துச் சட்டப்படி இதில் நான் எதை விட்டேன்?"

திருத்திய தாள் வந்துவிட்டது. ஹெல்மெட் வெறும் தூண்டில். அது இருந்திருந்தாலும் கால் உடைந்திருக்கும், அதனால் அதற்காக ஒரு பைசா குறையாது என்று ஒரு அக்கா அன்றே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

மதிப்பெண் படிக்கட்டில்தான் இருந்தது. "1969 மெக்யூ வழக்கு, முதல் விபத்தையும் இரண்டாவது காயத்தையும் இணைக்கும் காரணச் சங்கிலி அறுந்தது, முடிந்தது" என்று இங்கே பதில் எழுதியவர் பாதிதான் சரி. கால் மடங்கும் என்று தெரிந்தும் கைப்பிடியில்லாத செங்குத்தான படியில் இறங்கியதால் மெக்யூவுக்கு இரண்டாவது காயத்துக்கு இழப்பீடு இல்லை. எங்கள் கேள்வியிலோ "வழக்கமாக இறங்கும் படி, கையில் பை" என்று ஒரே வரி இருக்கிறது, அதை நான் தாண்டிப் போய்விட்டேன். 2009 ஸ்பென்சர் வழக்கில் செயற்கைக்கால் மாட்டாமல் பெட்ரோல் பங்கில் இறங்கி விழுந்தவருக்குச் சங்கிலி அறுபடவில்லை, இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கழித்தார்கள். அதாவது வாதியின் தவறு தொடர்பை அறுக்கிறதா, தொகையை மட்டும் குறைக்கிறதா என்று இரண்டையும் கேட்டிருக்க வேண்டும்.

பையோடு இறங்கியது இந்த இரண்டில் எதில் சேரும் என்பதில் அக்காவுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.