இரண்டு கம்பெனி பிஎஃப், கூட்டினால் 5 வருஷம் தாண்டும்: எடுத்தால் வரி பிடிப்பார்களா?

மார்த்தாண்டம் செலின்
2019 ஜூன் முதல் 2022 ஜூலை வரை நாகர்கோவிலில் ஒரு கம்பெனி, 38 மாதம். அடுத்த மாதமே திருவனந்தபுரத்தில் சேர்ந்து 2024 டிசம்பர் வரை 29 மாதம். இப்போது வேலை இல்லை. யுஏஎன் ஒன்றுதான். பழைய கணக்கில் 92,000, புதியதில் 1,18,000 ரூபாய் கிடக்கிறது. வீட்டு வேலை பாதியில் நிற்பதால் முழுதும் எடுக்க வேண்டும். வரி உண்டா?

குலசேகரம் ரப்பர்
67 மாதம் ஆகிவிட்டதே, யுஏஎன்னும் ஒன்று. வரி கிடையாது அக்கா, தைரியமாக எடுங்கள். பயமாக இருந்தால் 15ஜி கொடுத்துவிடுங்கள்.

தக்கலை கணக்கன்
ரப்பர் தம்பி, கணக்கு சரி, ஆனால் யுஏஎன் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பழைய கம்பெனிப் பணம் புதிய கணக்குக்கு மாறியிருந்தால்தான் அந்த 38 மாதமும் 5 வருஷத்தில் சேரும். மாற்றாமல் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே 5 வருஷத்துக்குக் குறைவு. இரண்டும் 50,000-க்கு மேல் என்பதால் 10 சதவீதம் பிடிப்பார்கள்: 9,200-ம் 11,800-ம், ஆக 21,000. பான் இணைக்காவிட்டால் 20 சதவீதம்.

15ஜி என்பது அந்த வருஷ மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. அதனால் டிடிஎஸ் நிற்குமே தவிர, கையில் வந்த பணம் வரிவிலக்கு ஆகிவிடாது. முதலாளி பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகவே கணக்கில் வரும். அதனால் முதலில் `One Member - One EPF Account (Transfer Request)` போடுங்கள். பழைய பாஸ்புக்கில் பணம் வெளியே போனது தெரிந்த பிறகு எடுங்கள்.

குளச்சல்காரன்
நான் வேலை பார்த்த கம்பெனியை 3 வருஷத்தில் மூடிவிட்டார்கள். எனக்கும் பிடித்தார்கள். திரும்பக் கிடைக்குமா?

தக்கலை கணக்கன்
நிறுவனம் மூடியதாலோ உடல்நலம் கெட்டதாலோ வேலை போயிருந்தால் 5 வருஷக் கணக்கே பார்க்க மாட்டார்கள். வேலை நின்ற காரணம் என்னவென்று பதிவாகியிருக்கிறது பாருங்கள். ராஜினாமா என்று இருந்தால் வாதாட வேண்டிவரும். மூடியதற்கான கடிதம் இருந்தால், அந்த வருஷ ரிட்டர்னில் விலக்கு காட்டி டிடிஎஸ்ஸைத் திரும்பக் கேட்கலாம்.

மார்த்தாண்டம் செலின்
அண்ணாச்சி, மாற்றப் போனால் பழைய கணக்கில் வேலையை விட்ட தேதியே இல்லை என்கிறது. கம்பெனியில் ஃபோன் எடுப்பதில்லை.

தக்கலை கணக்கன்
அதற்கு அவர்கள் தேவையில்லை. விட்டு 2 மாதம் தாண்டினால் `Manage` பக்கத்தில் `Mark Exit` மூலம் நீங்களே போடலாம், ஓடிபி வரும். கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்துக்குள் தேதி வரவேண்டும். தவறாகப் போட்டுவிடாதீர்கள், திருத்துவது பெரும்பாடு.

குலசேகரம் ரப்பர்
சரி, நடுவில் 8 மாதம் சும்மா இருந்தால்? எனக்கு அப்படித்தான்.

தக்கலை கணக்கன்
பணம் மாறியிருந்தால் பழைய சர்வீஸ் சேரும். இடைவெளியைக் காட்டித் தடுப்பதாக விதியில் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த 8 மாதத்தை 5 வருஷத்தில் சேர்க்காதீர்கள். வேலை பார்த்த மாதங்கள் மட்டும் எத்தனை வருகிறது, சொல்லுங்கள்.