ஒரே சீட்டு, பல நுழைவு: கலைச்சொல் தேவை

மடல் 1: கொழிஞ்சாம்பாறை, செயலி மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கச்சேரிக்கு வாயிலில் க்யூஆர் சீட்டைப் பார்த்து ஆளை விடும் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் இடிக்கிறது.

சீட்டு வாங்கியவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார். அதே படத்தைக் காட்டிக்கொண்டு நாலைந்து பேர் வருகிறார்கள். முதல் ஆளை விட்டதும் அந்தச் சீட்டின் கணக்கு முடிந்துவிட வேண்டும். அந்தச் செயலுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

இப்போது 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. ஒத்திகையில் இரண்டாவது ஆள் அதே படத்தை நீட்டினார். 'ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது' என்று திரையில் வந்தது. வாயிலில் நின்ற பையன் 'சரி' என்ற எழுத்தைப் பார்த்ததும் கையைக் காட்டி உள்ளே விட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, சொல்தான் தவறு.

மடல் 2: சித்தூர் (பாலக்காடு), ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, 'நகல் தடுப்பு' என்று வைக்கலாமே? பிரச்சினை நகலில்தானே இருக்கிறது. வங்கிச் செயலிகளில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனால் கறுப்பாகத்தான் விழுகிறது. ஆண்ட்ராய்டில் `FLAG_SECURE` என்று ஒன்று இருப்பதாக என் பேரன் சொல்கிறான். அதைப் போட்டுவிட்டால் சொல்லும் சரி, வேலையும் முடிந்தது.

மடல் 3: வாளையார், நுழைவுக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுபவர்

ஐயா சொல்லும் வசதி உண்மையிலேயே உண்டு. ஆனால் அது அந்த ஒரு போனில், அந்தச் செயலிக்குள் மட்டும்தான். பக்கத்தில் நிற்பவர் தன் போனால் திரையைப் படம் பிடித்தால் தடுக்க வழியில்லை. சீட்டு பிடிஎஃப் ஆக வந்தாலோ கேட்கவே வேண்டாம். அதனால் நகல் எடுப்பதைத் தடுக்க முயல்வதை விட்டுவிட்டு, எத்தனை நகல் இருந்தாலும் ஒன்றுதான் செல்லும் என்று ஆக்க வேண்டும்.

வாயிலில் நடப்பது இரண்டு வேலை. முதலாவது, சீட்டு நாம் கொடுத்ததுதானா என்று பார்ப்பது. க்யூஆருக்குள் இருக்கும் கையொப்பம் இதற்கு உதவும், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டிலும் அதே கையொப்பம்தான் இருக்கும். இரண்டாவது, அந்தச் சீட்டை அப்போதே முடித்துவைப்பது. அக்கா கேட்கும் சொல் இந்த இரண்டாவதற்கு. தியேட்டர் வாசலில் காலங்காலமாக அதற்கு ஒரு சொல் இருக்கிறது: கிழிப்பது. 'டிக்கெட் கிழிக்கிறவர்' என்றுதானே சொல்வோம்? 'சீட்டுக் கிழிப்பு' என்றே வைக்கலாம்.

நிரலிலும் இந்த இரண்டு வேலையையும் குழப்பக் கூடாது. 'பயன்பட்டதா' என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் 'பயன்பட்டது' என்று எழுதினால், இரண்டு வாயிலில் ஒரே நொடியில் காட்டப்பட்ட படத்துக்கு இரண்டு பக்கமும் 'இல்லை' என்றே பதில் போகும், இரண்டு பேரும் உள்ளே போவார்கள். கேட்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையில் செய்ய வேண்டும்:

```
UPDATE tickets
SET torn_at = now(), gate = 2
WHERE id = 417 AND torn_at IS NULL;
```

ஒரு வரி மாறியது என்று பதில் வந்தால் கிழித்தாயிற்று, ஆளை விடலாம். பூஜ்யம் என்று வந்தால் வேறு யாரோ முந்திவிட்டார்கள் (அல்லது அப்படி ஒரு சீட்டே இல்லை).

மடல் 4: நகரி (ஆந்திரா), தியேட்டர் நடத்துபவர்

எங்களுக்கும் இதே தலைவலிதான். இடைவேளையில் டீ குடிக்க வெளியே போகிறவர்கள் திரும்பி வரும்போது செயலி சிவப்புக் காட்டுகிறது. காசு கொடுத்தவரை வாசலில் நிறுத்தினால் சண்டைதான் வரும். 'மறுநுழைவுத் தடை' என்று பெயர் வைத்து, அதை அணைத்துவைக்க ஒரு பொத்தானும் கொடுங்கள்.

மடல் 5: கொழிஞ்சாம்பாறை

அண்ணா, நீங்கள் சொல்வது வேறு. அதே ஆள் திரும்பி வருவது மறுநுழைவு. நான் கேட்பது அதே சீட்டில் வேறு ஆள் வருவதைப் பற்றி. பொத்தானை அணைத்தால் இரண்டுக்கும் கதவு திறந்துவிடும். வெளியே போகிறவர் கையில் ஒரு முத்திரை குத்துவது எளிது. அப்படியென்றால் 'மறுநுழைவு' என்ற சொல் இதற்கு ஆகாது என்பது உறுதியாகிவிட்டது, நன்றி.

கிழிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சிக்கல். 'என்ன கிழிச்சே' என்ற வசை ஒன்று. இன்னொன்று எங்கள் எல்லைக்கே உரியது: மலையாளத்தில் 'கிழிவு' என்றால் தள்ளுபடி. தன்னார்வலர்களில் பாதிப் பேர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். 'கிழிவு' என்று எங்காவது போட்டால் சலுகைச் சீட்டு என்று நினைத்துவிடுவார்கள்.

தம்பிக்கு ஒரு கேள்வி. கூட்டம் சேர்ந்தால் இங்கே நெட் நின்றுவிடும். அப்போது கிழிப்பது எப்படி?

மடல் 6: வாளையார்

பெயராக வரும் இடத்தில் 'கிழிப்பு', வினையாக 'கிழித்தாயிற்று' என்று மட்டும் வையுங்கள், 'கிழிவு' வேண்டாம். வசையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது என் எண்ணம். சீட்டு என்ற சொல் கூட வந்தால் அந்த வாடை போய்விடும்.

நெட் விஷயம்தான் முக்கியம். பட்டியலை ஒவ்வொரு போனிலும் ஏற்றி, அந்தந்த போனிலேயே கிழித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 417ஆம் சீட்டை ஒருவர் 6.40க்கு முதல் வாயிலில் காட்டுகிறார், பச்சை. அவர் மைத்துனர் 6.42க்கு இரண்டாம் வாயிலில் அதே படத்தைக் காட்டுகிறார். அந்த போனுக்கு முதல் வாயிலில் நடந்தது தெரியாது, பச்சை. இரவு நெட் வந்து பட்டியல்கள் சேரும்போதுதான் ஒரே எண் இரண்டு முறை கிழிபட்டது தெரியும். அதற்குள் கச்சேரியே முடிந்திருக்கும்.

இணையம் தேவையில்லை, இரண்டு வாயிலும் ஒன்றோடொன்று பேசினால் போதும். மேடைக்குப் பின்னால் ஒரு மடிக்கணினி, ஒரு வைஃபை ரூட்டர். எல்லா போனும் அதில் இணைந்து அந்தக் கணினியிலேயே கிழிக்கட்டும். தூரம் அதிகமானால் கேபிள் இழுத்து இன்னொரு ரூட்டர் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் சீட்டிலேயே வாயில் எண்ணை அச்சிட்டு, அந்த வாயிலில் ஒரே போனை வையுங்கள்.

முப்பது நொடிக்கு ஒரு முறை க்யூஆரை மாற்றும் முறையும் உண்டு. `RFC 6238` என்று 2011இல் வந்த நெறி அதற்குப் பயன்படும். அதில் ஸ்கிரீன்ஷாட் அதிகம் போனால் ஒரு நிமிடம்தான் உயிரோடு இருக்கும். ஆனால் வாங்குகிற எல்லோரிடமும் செயலி வேண்டும், போனின் கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குள் வாயிலில் நிற்கும் நண்பருக்குப் படம் போய்விடலாம், ஆகவே கிழிப்பு அப்போதும் வேண்டும்.

மடல் 7: சித்தூர் ஆசிரியர்

நகல் தடுப்பு என்ற பெயரைத் திரும்பப் பெறுகிறேன். வாயிலில் கிழிப்பு இருக்கட்டும். ஆனால் கணக்கறிக்கையில் 'பயன்தீர்ப்பு' என்று வைத்தால் பரிசுக் கூப்பனுக்கும் பொருந்துமே? கூப்பனை யாரும் கிழிப்பதில்லை. மாறும் க்யூஆருக்கு 'மாறுகுறி' என்பது என் பரிந்துரை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முந்தியவருக்குத்தான் சீட்டு என்றால், காசு கொடுத்தவரே தாமதமாக வந்தால்?

மடல் 8: கொழிஞ்சாம்பாறை

ஐயா, அதற்காகத்தான் திரை வாசகத்தை நீட்டியிருக்கிறேன்: 'இந்தச் சீட்டு 6.40க்கு முதல் வாயிலில் கிழிக்கப்பட்டது. உள்ளே விட வேண்டாம். உதவி மேசைக்கு அனுப்பவும்.' நேரமும் வாயிலும் தெரிந்தால், தன் படத்தை யாருக்கு அனுப்பினோம் என்று வாங்கியவருக்கே பெரும்பாலும் புரிந்துவிடும். சீட்டு வாங்கிய எண்ணுக்கு மேசையிலிருந்து ஓடிபி அனுப்பலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். வாங்கியவர் யார் என்பது அதில் தெரியும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவரை எழுப்புவதா என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை.

'சீட்டுக் கிழிப்பு' இன்று செயலியில் ஏறுகிறது. 'பயன்தீர்ப்பு', 'மாறுகுறி' இரண்டுக்கும் மற்றவர்கள் கருத்துச் சொல்லுங்கள். நாலு பேருக்கு ஒரே சீட்டு என்று குடும்பச் சீட்டும் விற்கிறோம். அதில் முழுதும் கிழிக்காமல் ஒவ்வோர் ஆளாகக் குறைய வேண்டும், அதற்கு என்ன சொல்வது?